மேட்ரிக்ஸா, லிஸ்டா? ஒரு வரிசைக்கு எத்தனை பைட் என்று பாருங்கள்

கிராஃபை மெமரியில் எப்படி வைப்பது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். எட்ஜ் நிறைய இருந்தால் அட்ஜசன்சி மேட்ரிக்ஸ், குறைவாக இருந்தால் அட்ஜசன்சி லிஸ்ட். பதில் சரிதான். ஆனால் "நிறைய" என்றால் எவ்வளவு? பாதியா, பத்தில் ஒன்றா, நூற்றில் ஒன்றா என்று அடுத்த கேள்வி வந்ததும் பலரும் கையை விரித்துவிடுவார்கள். இத்தனைக்கும் அதைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும்.

முழு கிராஃபையும் பார்க்காமல் ஒரே ஒரு நோடை எடுத்துக்கொள்வோம். மொத்தம் n நோடுகள். நாம் எடுத்த நோடுக்கு d அண்டை நோடுகள். மேட்ரிக்ஸில் இந்த நோடுக்கு ஒரு முழு வரிசை ஒதுக்க வேண்டும். எட்ஜ் உண்டா, இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதுமென்றால் கட்டத்துக்கு ஒரு பிட் போதும், ஆக வரிசைக்கு n/8 பைட். லிஸ்டில் அண்டை நோடின் எண்ணை மட்டும் எழுதி வைக்கிறோம். எண்ணுக்கு 4 பைட், ஆக 4d பைட். இரண்டும் சமமாகும் இடம் d = n/32. அதாவது ஒரு நோடின் அண்டைகள் மொத்த நோடுகளில் 3 சதவீதத்தைத் தாண்டிவிட்டாலே பிட் மேட்ரிக்ஸ் மெமரியில் முந்திவிடும். "அடர்த்தியான கிராஃப்" என்றதும் மனதில் வரும் படத்தை விட இது மிகவும் கீழே இருக்கிறது.

ஆனால் பெரும்பாலானோர் பிட் மேட்ரிக்ஸ் எழுதுவதில்லை. கட்டத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால் சமநிலை n/4-க்கு ஏறிவிடும். எல்லோரும் பழக்கதோஷத்தில் எழுதும் `int g[N][N]` இருக்கிறதே, அதில் கட்டத்துக்கு 4 பைட். லிஸ்டிலும் ஒரு அண்டைக்கு 4 பைட்தான். ஆக, எல்லா நோடும் எல்லா நோடோடும் இணைந்திருந்தால்தான் இரண்டும் ஏறத்தாழ சமம். உண்டு, இல்லை என்பதை மட்டும் வைக்க int மேட்ரிக்ஸ் எழுதிவிட்டு "மெமரி மிச்சம்" என்று சொல்வது வேடிக்கைதான்.

சரி, இரண்டு கிராஃப்களை எடுத்துப் பார்க்கலாம். முதலாவதில் 1,00,000 நோடுகள், 2,00,000 எட்ஜ்கள், திசை கிடையாது. சராசரியாக ஒரு நோடுக்கு 4 அண்டைகள். n/32 என்பது இங்கே 3,125. நம்மிடம் இருப்பதோ 4. பிட் மேட்ரிக்ஸ் வரிசை 12,500 பைட், மொத்தம் 1.25 ஜிபி. int ஆக வைத்தால் 40 ஜிபி. லிஸ்டில் ஒரு நோடுக்கு 16 பைட்தான். ஆனால் அந்த 16 பைட்டை எப்படி வைக்கிறோம் என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. சி++ மொழியில் `vector<vector<int>>` என்று எழுதினால், வழக்கமான 64 பிட் கணினியில் ஒவ்வொரு உள் வெக்டரின் தலைப்புக்கே 24 பைட் போகும். அப்புறம் மெமரி ஒதுக்கும்போது கூடவே ஒட்டிக்கொள்ளும் சில்லறை பைட்டுகள். எல்லாம் சேர்த்து நோடுக்கு 60 பைட்டை நெருங்கும். தரவை விட உறை பெரிது. கிராஃப் இனி மாறாது என்றால், எல்லா அண்டைகளையும் ஒரே நீள அரேயில் வரிசையாகக் கொட்டி, எந்த நோடின் பகுதி எங்கே ஆரம்பிக்கிறது என்று இன்னொரு அரேயில் குறித்து வைத்துக்கொள்ளலாம். சிஎஸ்ஆர் என்று சொல்வது இதைத்தான். இந்த கிராஃப் அப்போது 2 எம்பிக்குள் அடங்கிவிடும்.

இதில் பிஎஃப்எஸ் ஓட்டினால், லிஸ்ட் ஒவ்வொரு நோடையும் ஒருமுறை, ஒவ்வொரு எட்ஜையும் இரண்டுமுறை தொடும். மொத்தம் 5 லட்சம் தொடல். மேட்ரிக்ஸ் ஒவ்வொரு வரிசையையும் முழுதாகத் துழாவ வேண்டும், 1,000 கோடி கட்டங்கள். பிட்களை 64 ஆகச் சேர்த்துப் பார்த்தாலும் 15.6 கோடி சொற்கள். அவற்றில் பெரும்பாலானவை வெறும் பூஜ்யம்.

"இருக்கட்டும், u-க்கும் v-க்கும் எட்ஜ் இருக்கிறதா என்று கேட்டால் மேட்ரிக்ஸ்தானே வேகம்? அது O(1), லிஸ்ட் O(d)" என்று கேட்கலாம். எல்லாப் பாடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இங்கே d என்பது 4. 1.25 ஜிபி மேட்ரிக்ஸில் எங்கோ ஒரு பிட்டைத் தொடும்போது, அது கேஷில் இருக்க வாய்ப்பே இல்லை. மெயின் மெமரி வரை போய்த்தான் எடுத்து வர வேண்டும். 2 எம்பி சிஎஸ்ஆரோ கேஷிலேயே உட்கார்ந்திருக்கும், நாலு எண்களும் அடுத்தடுத்து இருக்கும். நாலையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிப்பதற்குள் மேட்ரிக்ஸ் தன் ஒரே ஒரு பிட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். O குறியீடு ஒரு தொடலுக்கு ஒரு விலை என்று வைத்துக்கொள்கிறது. அந்த விலை இடத்துக்கு இடம் நூறு மடங்கு கூட மாறும்.

இரண்டாவது கிராஃப்: 4,000 நோடுகள், ஒவ்வொன்றுக்கும் 1,000 அண்டைகள், மொத்தம் 20 லட்சம் எட்ஜ்கள். n/32 இங்கே 125. நாம் அதை எட்டு மடங்கு தாண்டிவிட்டோம். பிட் மேட்ரிக்ஸ் 2 எம்பி, லிஸ்ட் 16 எம்பி. மெமரி வித்தியாசம் பெரிய தலைவலி இல்லை, இரண்டையும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். உண்மையான ஆதாயம் நேரத்தில் இருக்கிறது. மூன்று நோடுகள் ஒன்றுக்கொன்று இணைந்த முக்கோணங்களை எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு எட்ஜுக்கும், அதன் இரு முனைகளுக்கும் பொதுவான அண்டைகள் எத்தனை என்று எண்ண வேண்டும். பிட் மேட்ரிக்ஸில் இது இவ்வளவுதான்:

```cpp
vector<bitset<4000>> row(4000);
// ...
long long total = 0;
for (auto [u, v] : edges)
    total += (row[u] & row[v]).count();
total /= 3;   // ஒவ்வொரு முக்கோணமும் மூன்று எட்ஜிலும் எண்ணப்படும்
```

4,000 பிட் என்பது 64 பிட் சொற்களில் 63. ஆக ஒரு எட்ஜுக்கு 63 முறை ஏண்ட் செய்து பிட்களை எண்ணினால் முடிந்தது. மொத்தம் 12.6 கோடி சொற்கள். லிஸ்டில் வரிசைப்படுத்திய இரண்டு அண்டைப் பட்டியல்களை இணையாக நகர்த்திக்கொண்டே போனால் ஒரு எட்ஜுக்கு 2,000 படி வரை, மொத்தம் 400 கோடி. u-வின் அண்டைகளுக்கு முதலில் குறி போட்டுவிட்டு v-யின் பட்டியலை மட்டும் ஓட்டினால் அது பாதியாகும். அப்போதும் மேட்ரிக்ஸ் 16 மடங்கு முன்னால்.

இதே முக்கோணக் கணக்கை முதல் கிராஃபில் போட்டுப் பாருங்கள். லிஸ்டில் ஒரு எட்ஜுக்கு சுமார் 8 படி, 2 லட்சம் எட்ஜுக்கு 16 லட்சம். பிட் மேட்ரிக்ஸில் ஒரு வரிசை 1,563 சொற்கள், மொத்தம் 31 கோடிக்கு மேல். இப்போது லிஸ்ட் ஏறக்குறைய 200 மடங்கு முன்னால். கேள்வி மாறவில்லை, d-க்கும் n-க்கும் உள்ள விகிதம் மட்டும்தான் மாறியது.

எட்ஜுக்கு எடை வந்துவிட்டால் பிட் வித்தை செல்லாது. மேட்ரிக்ஸ் கட்டத்தில் எடையை 4 பைட்டில் வைக்க வேண்டும். லிஸ்டில் எண்ணும் எடையும் சேர்ந்து 8 பைட். சமநிலை n/2-க்குப் போய்விடும். அதாவது பாதிக்கு மேல் எட்ஜ் இருந்தால்தான் மேட்ரிக்ஸ் மெமரியில் லாபம். இதற்கு விதிவிலக்கு ஃப்ளாய்ட்-வார்ஷல். அது எல்லா ஜோடிகளுக்கும் தூரம் கண்டுபிடிப்பதால் விடையே n × n மேட்ரிக்ஸ்தான். உள்ளீட்டை லிஸ்டில் வைத்து மிச்சம் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. எட்ஜ் இல்லாத கட்டத்தில் `INT_MAX` போட்டுவிடாதீர்கள். இரண்டைக் கூட்டும்போது அது நிரம்பி வழிந்து மைனஸ் தூரமாக வெளியே வரும். எடை எல்லாம் நேர்மறை, விடையில் மைனஸ் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். தூரங்கள் 100 கோடிக்குள் என்றால் `1000000000` போதும். இரண்டைக் கூட்டினாலும் int-க்குள் அடங்கும்.

மெமரிக் கணக்கு சரியாக வந்த பிறகும் கால் இடறும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 50,000 நோடுகள், அடர்த்தியான கிராஃப், பிட் மேட்ரிக்ஸ்தான் என்று முடிவு செய்தேன். 250 கோடி பிட், 312.5 எம்பி. தாராளமாக இடமிருந்தது. பிட்களை ஒரே நீள அரேயாக வைத்து, `u * n + v` என்று இடத்தைக் கணக்கிட்டேன். மூன்றுமே int. சின்ன கிராஃப்களில் எல்லா டெஸ்டும் தேறியது. பெரியதில் மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட், அதுவும் பாதி எட்ஜுக்கு மேல் ஏற்றிய பிறகு. விழுந்த இடத்தில் u-வை அச்சிட்டுப் பார்த்தால் எப்போதும் 42,949 அல்லது அதற்கு மேல். 42,949-ஐ 50,000-ஆல் பெருக்கினால் 2,14,74,50,000. int-இன் உச்சமோ 2,14,74,83,647. அந்த வரிசையின் நடுவில் எண் நிரம்பி, மைனஸ் இடத்தைத் தொடப் போயிருக்கிறது. `(size_t)u * n + v` என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. n 46,341-ஐ எட்டியதுமே n × n int-ஐத் தாண்டிவிடும் என்பதை அன்றிலிருந்து மறக்கவில்லை.

இதுவரை d என்று சராசரியைச் சொல்லிக்கொண்டே வந்தேன். நிஜ கிராஃப்களில் பெரும்பாலான நோடுகளுக்கு நாலைந்து அண்டைகளும் ஒருசிலவற்றுக்குப் பல ஆயிரமும் இருப்பது சகஜம். n/32 கணக்கை ஒரு வரிசைக்கு என்று போட்டதன் வசதி இங்கேதான் தெரியும். முழு கிராஃபுக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டியதில்லை. எல்லை தாண்டிய நோடுகளின் வரிசையை மட்டும் பிட்டாக வைத்து, மற்றவற்றைப் பட்டியலாகவே விட்டுவிடலாம். ரோரிங் பிட்மேப் என்ற தரவு அமைப்பு எண்களின் தொகுப்புகளுக்கு இதையே செய்கிறது. எண்களை 65,536 அகலத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டில் 4,096 எண்கள் வரை இருந்தால் பட்டியல், அதைத் தாண்டினால் பிட் என்று மாறிக்கொள்கிறது. துண்டுக்குள் ஒரு எண்ணுக்கு 2 பைட் போதும் என்பதால் அங்கே வகுப்பது 32-ஆல் அல்ல, 16-ஆல்: 65,536 / 16 = 4,096. நம் 4,000 நோடு கிராஃபிலும் எண்களை 2 பைட்டில் வைத்தால் எல்லை 125-இலிருந்து 250-க்கு நகரும். d 1,000 ஆக இருப்பதால் அங்கே முடிவு மாறாது.