ஒரு கோப்பு, மூன்று அவைகள்: கஸ்டம் ஷோவா, ஜூம் இணைப்பா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்காக நான் பராமரித்துவரும் பவர்பாயிண்ட் கோப்பில் 32 ஸ்லைடுகள் இருக்கின்றன. முதல் 4 நிறுவன அறிமுகம். 5 முதல் 11 வரை பின்னல், தையல், இயந்திரத் திறன். 12 முதல் 16 வரை தரச் சோதனையும் சான்றிதழ்களும். 17 முதல் 22 வரை சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. 23 முதல் 28 வரை அடக்கவிலை, கடன், ஆர்டர் நிலவரம். கடைசி 4 ஆடை மாதிரிகளும் டெலிவரி அட்டவணையும். வெளிநாட்டு வாங்குவோரின் பிரதிநிதி, வங்கி அதிகாரி, தொழிற்சாலைத் தணிக்கையாளர் ஆகிய மூவரிடமும் இதிலிருந்துதான் பேச வேண்டும். முன்பு மூவருக்கும் மூன்று நகல்கள் வைத்திருந்தோம். தையல் இயந்திரங்களின் எண்ணிக்கை கூடியபோது இரண்டு நகல்களில் திருத்திவிட்டு மூன்றாவதை மறந்துவிட்டேன். அந்தப் பிழையை வங்கி அதிகாரிதான் சுட்டிக்காட்டினார். அன்றிலிருந்து ஒரே கோப்பு என்று முடிவு செய்தோம். அதை மூவருக்கும் ஏற்றபடி காட்டக் கஸ்டம் ஷோ, ஜூம் இணைப்பு என்ற இரண்டு வழிகள் பவர்பாயிண்டிலேயே உள்ளன. (இங்கே ஜூம் என்பது கூட்டம் நடத்தும் செயலி அல்ல, ஒரு ஸ்லைடின் சிறு படத்தைச் சொடுக்கினால் அந்த ஸ்லைடுக்குள் செல்லும் வசதி.)

கஸ்டம் ஷோ என்பது பெயரிட்ட ஒரு பட்டியல். Slide Show > Custom Slide Show > Custom Shows > New என்று சென்று, ஒரு பெயர் கொடுத்து, இடப்பக்கம் உள்ள ஸ்லைடுகளில் வேண்டியவற்றை வலப்பக்கம் சேர்த்து, அம்புக்குறிகளால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ஸ்லைடு நகலாவதில்லை, மூலத்தில் ஓர் எண்ணைத் திருத்தினால் எல்லாப் பட்டியல்களிலும் திருந்தியதே வரும். வாங்குவோர் முதலில் பார்க்க விரும்புவது ஆடையைத்தான் என்பதால் அவர்களுக்கான பட்டியலை 1, 2, 29, 30, 31, 5, 7, 9, 12, 14, 32 என்று அமைத்தேன். வங்கிக்கு 1, 2, 5, 6, பிறகு 23 முதல் 28 வரை. 5-ஆம் ஸ்லைடு இரண்டு பட்டியல்களிலும் வெவ்வேறு இடத்தில் வருவதைக் கவனிக்கலாம். இந்தச் சுதந்திரம்தான் கஸ்டம் ஷோவின் முதன்மையான பலம்.

ஜூமில் இது எளிதாக நடக்காது. Insert > Zoom என்பதன் கீழ் Summary Zoom, Section Zoom, Slide Zoom என்று மூன்று வகைகள் உள்ளன. இவற்றில் Section Zoom-க்குக் கோப்பை முதலில் பகுதிகளாகப் பிரித்திருக்க வேண்டும். ஒரு பகுதி என்பது அடுத்தடுத்து வரும் ஸ்லைடுகளின் தொகுப்பு. ஒரு ஸ்லைடு ஒரு பகுதியில் மட்டுமே இருக்க முடியும். ஆகவே உற்பத்திப் பகுதியைத் திறந்தால், வங்கிக்குத் தேவையான 2 ஸ்லைடுகளுக்காக 7 ஸ்லைடுகளையும் கடக்க நேரிடும். Slide Zoom-ஐப் பயன்படுத்தித் தனித்தனியாக இணைக்கலாம். ஆனால் பத்து சிறு படங்களை ஒரே ஸ்லைடில் அடுக்கினால் பேசுபவருக்கே எது எது என்று தெரியாமல் போகும்.

ஆனால் தணிக்கையாளர் வரும் நாளில் நிலைமை வேறு. அவர் நம் வரிசையில் கேட்பதில்லை. கழிவுநீரில் தொடங்கி, சான்றிதழுக்கு வந்து, மீண்டும் கழிவுநீருக்கே திரும்பக்கூடும். கஸ்டம் ஷோவை மட்டும் நம்பினால் அப்போது முன்னும் பின்னுமாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். 33-ஆவதாக ஒரு முகப்பு ஸ்லைடைச் சேர்த்து, அதில் தரம், கழிவுநீர், உற்பத்தி ஆகிய மூன்று பகுதிகளின் சிறு படங்களை வைத்தேன். அந்த ஸ்லைடில் நின்று Shift+F5 அழுத்தித் தொடங்கினால், அவர் கேட்ட பகுதிக்குள் சென்று, அது முடிந்ததும் தானாகவே முகப்புக்குத் திரும்பலாம். முகப்பு கடைசியில் இருப்பதற்கும் காரணம் உண்டு: அதைத் தாண்டி வேறு ஸ்லைடு எதுவும் இல்லை.

திரும்புதல் பற்றி ஓர் எச்சரிக்கை. Section Zoom இயல்பாகவே திரும்பும். Slide Zoom இயல்பாகத் திரும்பாது, இலக்கு ஸ்லைடுக்கு அடுத்த ஸ்லைடுக்குத்தான் போகும். கழிவுநீர்ப் பகுதியின் கடைசி ஸ்லைடான 22-க்கு மட்டும் தனியாக Slide Zoom வைத்துவிட்டு, சிறு படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தோன்றும் Zoom தாவலில் Return to Zoom என்பதில் குறியிட மறந்தால், அடுத்த சொடுக்கில் திரையில் வருவது 23, அதாவது அடக்கவிலை. வங்கியைத் தவிர வேறு எந்த வெளியார் முன்னும் காட்டவே கூடாத ஸ்லைடு அது. எனவே ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளே சென்று, ஒரு சொடுக்கு கூடுதலாக அழுத்திப் பார்த்த பிறகே கோப்பைக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்கிறேன்.

கஸ்டம் ஷோவிலும் இதற்கு இணையான ஆபத்து இருக்கிறது. Set Up Slide Show பெட்டியில் எந்தக் கஸ்டம் ஷோவைத் தேர்ந்தெடுத்தோமோ அது கோப்போடு சேமிக்கப்படுகிறது. அடுத்த முறை F5 அழுத்தினாலும் அதுவேதான் ஓடும். வங்கிக் கூட்டம் முடிந்த மறுநாள் ஒரு வாங்குவோரின் முன் F5 அழுத்தினேன். முதல் இரண்டு ஸ்லைடுகள் இரு பட்டியல்களுக்கும் பொது என்பதால் எதுவும் தெரியவில்லை. மூன்றாவதாக ஆடை மாதிரிக்குப் பதிலாக 5-ஆம் ஸ்லைடு வந்தபோதுதான் புரிந்து நிறுத்தினேன். இன்னும் இரண்டு சொடுக்குகளில் அடக்கவிலை வந்திருக்கும். இப்போது ஒவ்வொரு பட்டியலின் முதல் ஸ்லைடும் வேறுபடும்படி, அவைக்குரிய தலைப்பு ஸ்லைடு ஒன்றை வைத்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கல் ஸ்லைடு எண். கஸ்டம் ஷோவில் ஓடினாலும் ஸ்லைடின் மூலையில் வருவது மூலக் கோப்பின் எண்தான். 2-க்குப் பிறகு 29 வருவதைப் பார்க்கும் வாங்குவோர், இடையில் இருப்பவை என்ன என்று கேட்காமல் இருக்க மாட்டார். Insert > Header & Footer சென்று எண்ணை நீக்கிவிடுவதே நல்லது.

பராமரிப்பில் இரண்டும் எதிரெதிராக நடந்துகொள்கின்றன. ஒரு பகுதியின் நடுவே புது ஸ்லைடு செருகினால் அது Section Zoom-இல் தானாகச் சேர்ந்துவிடும். கஸ்டம் ஷோவில் நாமே சேர்க்கும் வரை வராது. இரகசியம் கலந்த கோப்பில் பின்னதையே நான் விரும்புகிறேன். விட்டுப்போன ஸ்லைடைப் பற்றி வாயால் சொல்லிவிடலாம். காட்டிவிட்டதைத் திரும்பப் பெற முடியாது.

வாங்குவோருக்கும் வங்கிக்கும் கஸ்டம் ஷோ, தணிக்கைக்கு ஜூம் என்றே சில மாதங்கள் நடத்தினேன். பிறகு இரண்டின் நன்மையும் ஓரளவு சேரும் வழி ஒன்று பிடிபட்டது. முகப்பு ஸ்லைடில் ஒரு கட்டம் வரைந்து, Insert > Link > Place in This Document என்பதில் பட்டியலின் அடியில் உள்ள Custom Shows-இல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, Show and return என்பதில் குறியிட்டால், நாம் அமைத்த வரிசையில் அந்தச் சிறு தொகுப்பு ஓடி மீண்டும் முகப்புக்கே வரும். கழிவுநீருக்கு 17, 19, 22 என்று மூன்றே ஸ்லைடுகள் கொண்ட ஒரு கஸ்டம் ஷோ போதுமானதாக இருந்தது. ஜூமின் அந்த உருப்பெருக்க அசைவு கிடைக்காது; எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. பவர்பாயிண்டின் பழைய பதிப்பு உள்ள கணினியிலும் இந்த இணைப்பு அப்படியே வேலை செய்யும். ஜூமை உருவாக்க 2019 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, இல்லையேல் மைக்ரோசாஃப்ட் 365 வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் எல்லா ஸ்லைடுகளும் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன. கூட்டத்துக்குப் பின் வாங்குவோர் கோப்பைக் கேட்டால் .pptx-ஐ அனுப்பக் கூடாது. ஏற்றுமதி செய்யும்போது பி.டி.எஃப். தேர்வின் Options பெட்டியில் Custom show என்று குறித்து, அவர்களுக்குரிய பட்டியலை மட்டும் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பலாம். ஜூமை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை; அவர்கள் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும்.