போனா, புத்தகமா, ஃபிரிட்ஜா: பழைய பொருள் வியாபாரத்தில் எது கையைக் கடிக்கும்?

கையில் 35,000 ரூபாய் இருக்கிறது, பழைய பொருளை வாங்கி விற்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் விசாரிப்பது லாபத்தைத்தான். ஒரு பீஸுக்கு எவ்வளவு நிற்கும்? அதைவிட முதலில் கேட்க வேண்டியது, விற்ற பீஸ் திரும்பி வந்தால் எவ்வளவு போகும் என்பது. போன், புத்தகம், ஃபிரிட்ஜ் மூன்றையும் அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் வரிசையே மாறிவிடுகிறது.

முதலில் போன். ஒரு உதாரணம் போடுவோம். ஐந்து பழைய போன், ஒன்று 6,500 வீதம் வாங்குகிறீர்கள். துடைப்பது, கிளாஸ் ஒட்டுவது, சார்ஜர் என்று ஒன்றுக்கு 500. அடக்கவிலை 7,000. 8,500க்கு விற்றால் ஒன்றுக்கு 1,500 நிற்கும், ஐந்துக்கு 7,500. கேட்க நன்றாக இருக்கிறது. அதில் ஒன்றின் டிஸ்ப்ளே காப்பி என்று வாங்கியவர் கண்டுபிடித்துத் திருப்பித் தருகிறார், அதை 4,000க்குத் தள்ளிவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றில் 3,000 நஷ்டம், மீதி நான்கில் வந்த 6,000 பாதியாகிவிடும். அதுவே திருட்டு போனாக இருந்து பிளாக் ஆகிவிட்டால் 7,000 முழுதாகப் போகும். ஐந்தும் விற்ற பிறகு கையிலிருந்து 1,000 போட வேண்டியதுதான்.

அதனால் போனில் உண்மையான வேலை வாங்கும் அந்தப் பத்து நிமிடம்தான். `*#06#` அடித்தால் ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண். அது பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு பொருந்த வேண்டும். பிறகு `KYM` என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அரசின் பதிவேட்டில் உள்ள விவரம் வரும். பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று மூன்றில் எது வந்தாலும் வாங்கக் கூடாது.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. நேற்று தொலைந்த போனுக்கு உரியவர் இன்னும் புகார் கொடுத்திருக்க மாட்டார். இன்று சுத்தமாகக் காட்டும் எண், நீங்கள் விற்று முடித்த பிறகு பிளாக் ஆகலாம். இதற்கு எஸ்எம்எஸ் உதவாது. விற்பவரின் அடையாள அட்டை நகல், கையெழுத்துப் போட்ட ரசீது, முடிந்தால் பழைய பில், இவைதான் காப்பு. பில்லும் இல்லை, அட்டையும் தர மாட்டேன் என்பவரிடம் பாதி விலைக்குக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்குவது தனிக் குற்றம். "எனக்குத் தெரியாது" என்று சொல்ல அந்தக் காகிதம் வேண்டும்.

இன்னொரு வில்லங்கம் தவணையில் வாங்கிய போன். பணம் கட்டாவிட்டால் கடன் கொடுத்த நிறுவனம் சில போன்களைத் தூரத்திலிருந்தே பூட்டிவிட வாய்ப்புண்டு. எனவே விற்பவரையே அவருடைய கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லி, உங்கள் முன்னாலேயே ரீசெட் செய்யச் சொல்லுங்கள். ரீசெட் முடிந்ததும் வைஃபையில் இணைத்து முகப்புத் திரை வரை போய்ப் பாருங்கள். பழைய கணக்கைக் கேட்டாலோ, ஏதாவது நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருப்பதாகக் காட்டினாலோ பணம் கொடுக்க வேண்டாம்.

காப்பி டிஸ்ப்ளேயை எப்படிப் பிடிப்பது? ஓஎல்இடி திரை உள்ள மாடல் என்றால் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து இருட்டில் பாருங்கள். ஒரிஜினல் என்றால் திரை அணைந்த மாதிரி இருக்கும். மலிவான எல்சிடி போட்டிருந்தால் சாம்பல் நிறத்தில் வெளிச்சம் கசியும். ஐபோன் 12 முதல், ஐஓஎஸ் 15.2க்குப் பிறகு, டிஸ்ப்ளேயோ பேட்டரியோ மாற்றப்பட்டிருந்தால் செட்டிங்ஸில் `About` பக்கத்திலேயே காட்டும். `Unknown Part` என்று வந்தால் விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள். மாற்றிய திரை என்று சொல்லியே விற்கலாம், அதில் தவறில்லை. சொல்லாமல் விற்றால்தான் ரிட்டர்ன் வரும்.

ரிட்டர்னிலும் ஏமாற்று உண்டு. நல்ல பேட்டரியைக் கழற்றிக்கொண்டு பழையதைப் போட்டுத் திருப்பித் தருபவர்கள் இருக்கிறார்கள். விற்கும்போதே ஐஎம்இஐ எண்ணைப் பில்லில் எழுதி, பின்மூடியின் விளிம்பில் கிழிந்தால் தெரியும் ஸ்டிக்கர் ஒட்டி, போட்டோ எடுத்து வாங்குபவருக்கும் அனுப்பிவிட்டால் பிறகு வாக்குவாதம் குறையும்.

புத்தகத்துக்கு வருவோம். சென்னையில் அல்லிக்குளத்துப் புத்தகக் கடைகள், திருவல்லிக்கேணி நடைபாதை, பழைய பேப்பர் கடை எல்லாமே கொள்முதல் இடங்கள்தான். இங்கே ரிட்டர்ன் பயம் கிட்டத்தட்ட இல்லை. 150 ரூபாய்ப் புத்தகத்தைத் திருப்பி வாங்கினாலும் தபால் செலவோடு சேர்த்துச் சின்னத் தொகைதான். பணம் முடங்குவதுதான் தொல்லை. 60 புத்தகம் உள்ள கட்டை 2,000க்கு எடுத்தால், முதல் மாதத்தில் 15 போனாலே முதல் திரும்பிவிடும். மீதி எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, சில போகவே போகாது. பாடத்திட்டம் மாறிய தேர்வு கைடு எடைக்கு மட்டுமே ஆகும்.

போலி இங்கேயும் தாராளம். பிரபலமான ஆங்கில நாவல், சுயமுன்னேற்ற நூல்களின் திருட்டுப் பதிப்பு கட்டுக்குள் கலந்தே வரும். எழுத்து ஜெராக்ஸ் மாதிரி மங்கலாக, ஓரங்கள் கோணலாக இருக்கும்; அட்டையில் மேடாக இருக்க வேண்டிய தலைப்பு தட்டையாக இருக்கும்; நன்றாக விரித்தால் பசை விட்டுக்கொள்ளும். பழைய புத்தகம்தானே என்று இதை விற்க முடியாது. அசல் புத்தகத்தைக் கைமாற்றி விற்பது சட்டப்படி சரி, ஆனால் திருட்டுப் பதிப்பைப் பழையதாக விற்றாலும் அது 1957 பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவதுதான். அப்புறம், பக்க எண்களைப் புரட்டிப் பாருங்கள். சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் அப்படியே விட்டுப்போன நல்ல பதிப்புகளும் உண்டு. சிறிய முதலில் தொடங்குபவருக்கு நான் புத்தகத்தைத்தான் சொல்வேன், மாதச் செலவுக்கு அதை நம்பாதவரை.

ஃபிரிட்ஜில் போலி என்ற பேச்சு குறைவு. பெயின்ட் அடித்துப் புதிதாகக் காட்டுவதோடு சரி. ஆனால் ரிட்டர்ன் வந்தால் லாபத்தைவிடச் செலவு அதிகம். 4,500க்கு வாங்கி, வண்டிக்கு 800, கதவு கேஸ்கெட்டுக்கு 700 செலவழித்து, 8,000க்கு விற்றால் 2,000 நிற்கும். பத்து நாளில் கூலிங் நின்றால் எடுத்துவர 800, கசிவை அடைத்து கேஸ் ஏற்ற 2,000, திரும்பக் கொண்டுபோய் வைக்க 800. ஆக 3,600. மூன்றாவது மாடி வீடு என்றால் தூக்குகூலி தனி.

கேஸ் கசியும் ஃபிரிட்ஜில் புதிதாக கேஸ் ஏற்றினால் சில நாள் அருமையாகக் குளிரும், அதைத்தான் விற்க வருவார்கள். பின்பக்கம் கம்ப்ரஸர் பக்கத்தில் செம்புக் குழாயின் முனையைப் பாருங்கள். சுற்றிலும் பழைய தூசி, அங்கே மட்டும் புதுப் பற்றவைப்பும் கரிந்த பெயின்டும் இருந்தால் சமீபத்தில் கேஸ் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பல மாடல்களில் கண்டென்சர் குழாய் பக்கச் சுவருக்குள் ஒளிந்திருக்கும், அங்கே கசிந்தால் சரிசெய்வது பெரிய செலவு. வாங்கியதை நிமிர்த்தியே கொண்டுவந்து, சில மணி நேரம் விட்டு ஆன் செய்து, ஒரு வாரமாவது ஓட்டிப் பாருங்கள். இன்வெர்ட்டர் அல்லாத மாடலில் குளிர்ந்ததும் கம்ப்ரஸர் தானாக நின்று மறுபடி ஓட வேண்டும். நிற்காமல் ஓடினால் கேஸ் குறைவோ தெர்மோஸ்டாட் கோளாறோ இருக்கலாம். வீட்டில் ஏசி மெக்கானிக்கும் தரைத்தளத்தில் இடமும் இருப்பவர்கள் இதில் இறங்கலாம். விற்கும்போது கம்ப்ரஸருக்கு ஒரு மாதம், வண்டிக்கூலி வாங்குபவருடையது என்று பில்லிலேயே எழுதிவிட்டால், கதவு விளக்கு எரியவில்லை என்று வரும் அழைப்புகளை போனிலேயே முடித்துக்கொள்ளலாம்.