பவுச் செல் அடுக்கை எதால் அழுத்துவது: இறுகிய தட்டா, ஃபோமா, ஸ்பிரிங்கா?

லித்தியம் அயன் பேட்டரிகளில் வரும் பவுச் செல்லுக்குக் கெட்டியான ஓடு கிடையாது. உள்ளே எலக்ட்ரோடுகளும் பிரிப்பானும் தாள் தாளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளியே இருப்பது மெல்லிய அலுமினிய லேமினேட் பை மட்டும். பையை வெற்றிடத்தில் சீல் செய்வதால், புதுச் செல்லில் வெளிக்காற்றின் அழுத்தமே அந்த அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பயன்பாட்டில் எலக்ட்ரோலைட் சிறிது சிறிதாகச் சிதைந்து வாயு உண்டாகும்போது அந்தப் பிடி தளர்கிறது. உருளைச் செல்லில் உலோகக் குடுவை செய்கிற வேலையை, இங்கே செல்களை அடுக்கி பேட்டரி பேக் கட்டுகிறவர்தான் செய்தாக வேண்டும்.

செல் தடிப்பது இரண்டு விதம். முதலாவது மூச்சு மாதிரி, வந்து போவது. சார்ஜ் ஆகும்போது லித்தியம் ஆனோடில் உள்ள கிராஃபைட்டுக்குள் நுழைவதால் கிராஃபைட்டின் கன அளவு 10 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. செல்லின் மொத்தத் தடிமனில் இது சில சதவீதமாகத் தெரியும், டிஸ்சார்ஜில் திரும்பிவிடும். இரண்டாவது திரும்பாதது. ஆனோட் துகள்கள் மேல் படலம் வளர்ந்துகொண்டே போவதால், வருடங்கள் ஆக ஆக செல் நிரந்தரமாகத் தடிக்கிறது. இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும், ஆனால் பிடியையும் விடக் கூடாது. எந்த வழி நல்லது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

அழுத்தமே இல்லாமல் விட்டால் என்ன, அதிகமாகவே கொடுத்தால்தான் என்ன என்று கேட்பவர்களுக்கு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கனரெல்லாவும் ஆர்னல்டும் செய்து 2014-இல் வெளியிட்ட சோதனையைத்தான் நான் சொல்வேன். சிறிய பவுச் செல்களை நகராத தட்டுகளுக்கு நடுவே வைத்து, ஆரம்ப அழுத்தத்தை மட்டும் மாற்றி மாற்றிச் சார்ஜ் டிஸ்சார்ஜ் செய்தார்கள். பூஜ்யம், 0.05, 0.5, 5 மெகாபாஸ்கல் என நான்கு நிலைகள். நமக்குப் பழகிய கணக்கில், சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றுமில்லாதது, அரைக் கிலோ, 5 கிலோ, 50 கிலோ. அதிக நாள் தாங்கியது அரைக் கிலோ செல்தான். 50 கிலோ செல் மற்றவற்றைவிட வேகமாகக் கெட்டது. அழுத்தமே இல்லாத செல்லில் அடுக்குகள் பிரிந்திருந்தன.

காரணம் இரண்டு பக்கமும் வேறு. அழுத்தம் இல்லாவிட்டால் அடுக்குகளுக்கு நடுவே வாயு குமிழியாகத் தங்குகிறது. அந்த இடத்தில் அயனிகள் கடக்க முடியாது. அந்த இடத்தின் பங்கு மின்னோட்டத்தைப் பக்கத்துப் பகுதிகள் சுமக்க, அங்கே லித்தியம் உலோகமாகவே படியத் தொடங்கும். மிதமாக அழுத்தினால் வாயு அடுக்கை விட்டு விளிம்பிலுள்ள காலி இடத்துக்கு ஒதுங்கிவிடும். ஆனால் அழுத்தம் மிஞ்சினால் அடிபடுவது பிரிப்பான். அது நுண்துளை நிறைந்த பிளாஸ்டிக் தாள். தொடர்ந்து நசுங்கினால் துளைகள் மெல்ல அடைபடும், அதுவும் எல்லா இடத்திலும் சமமாக அல்ல. அடைபட்ட இடத்தைச் சுற்றி மறுபடியும் அதே கதைதான். அதனால் தட்டில் ஒரு பிசிறோ, ஒட்டு நாடாவின் ஒரு மடிப்போகூட நான் சகிப்பதில்லை. சராசரி அழுத்தம் சரியாக இருந்தாலும் அந்தப் புள்ளியில் அது பல மடங்காக இருக்கும்.

சரி, ஒரு பேக்கை எடுத்துக் கணக்குப் போடலாம். 10-க்கு 20 சென்டிமீட்டர் முகமும் 8 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள 12 செல்கள். முகப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர், ஆக அரைக் கிலோ கணக்கில் மொத்த விசை 100 கிலோ. ஒவ்வொரு செல்லும் சார்ஜில் 2 சதவீதமும், ஆயுள் முழுவதும் நிரந்தரமாக 5 சதவீதமும் தடிக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். செல்லுக்கு 0.56 மில்லிமீட்டர், அடுக்கு முழுவதற்கும் ஏறக்குறைய 6.7 மில்லிமீட்டர்.

முதல் வழி, இரண்டு கனமான தட்டுகள், நான்கு போல்ட்டுகள், இறுக்கிவிட்டு மறந்துவிடுவது. மலிவு, சுருக்கம். ஆனால் இங்கே அழுத்தத்தைத் தீர்மானிப்பது போல்ட் அல்ல, செல். தடிக்க இடமில்லாத 7 சதவீதம் முழுவதும் அழுத்தமாக மாறுகிறது. செல் அடுக்கின் விறைப்பைச் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ என்று எடுத்தால், கடைசியில் 14 கிலோ வரும், மொத்தம் 2,800 கிலோ. நடைமுறையில் இவ்வளவு ஏறாது, ஏனென்றால் தட்டு வளைந்து கொடுக்கும். அது நல்ல செய்தி அல்ல. போல்ட்டுகள் மூலைகளில் இருப்பதால் தட்டின் நடுப்பகுதி வெளியே குவிந்து, செல்லின் நடுவில் அழுத்தம் குறைந்து, ஓரங்களில் கூடிவிடும். இன்னொரு சிக்கல், எந்தச் சார்ஜில் இறுக்கினோம் என்பது. முழு சார்ஜில் இறுக்கிய பேக் காலியாகும்போது தளர்ந்து நிற்கும். காலியாக இருக்கும்போது இறுக்கியது நிறையும்போது நசுக்கும். இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வழி, செல்லுக்குச் செல் ஃபோம். இதற்கு ஏற்றது மைக்ரோசெல்லுலர் பாலியூரித்தேன் ஃபோம். கொஞ்சம் நசுங்கிய பிறகு இன்னும் நசுங்கினாலும் அதன் எதிர்விசை மெதுவாகவே கூடும். செல்லுக்கு ஒன்றாக 2 மில்லிமீட்டர் ஃபோம் 12 வைத்து, 1.5 மில்லிமீட்டராக நசுக்கிக் கட்டுகிறோம். கடைசியில் அது 0.94 மில்லிமீட்டர் ஆகும், அதாவது பாதிக்குச் சற்று மேல் நசுங்கியிருக்கும். தொடக்கத்தில் அரைக் கிலோ காட்டும் ஃபோம், அங்கே ஒன்றரைக் கிலோ காட்டினால் போதும். விலையாகக் கொடுப்பது 18 மில்லிமீட்டர் நீளம். 96 மில்லிமீட்டர் அடுக்குக்கு அது கணிசம்தான். ஃபோம் வெப்பத்தையும் கடத்தாது, ஆகவே செல்லின் அகலமான முகம் வழியே குளிர்விக்க நினைத்தால் ஒரு பக்கம் அடைபட்டுவிடும். வருடக்கணக்கில் நசுங்கிக் கிடக்கும் ஃபோம் முழுதாக எழும்பவும் செய்யாது. தயாரிப்பாளரின் தரவுத்தாளில் வெப்பத்தில் எவ்வளவு எழும்பாமல் போகிறது என்ற எண்ணைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

மூன்றாவது, தட்டுக்கு வெளியே ஸ்பிரிங். நான்கு கம்பிகளில் மில்லிமீட்டருக்கு 2 கிலோ விசை உள்ள ஸ்பிரிங்குகள், ஒவ்வொன்றும் 25 கிலோவுக்கு இறுக்கியது. அடுக்கு 6.7 மில்லிமீட்டர் நீண்டால் ஒவ்வொன்றிலும் 13 கிலோ கூடும். சதுர சென்டிமீட்டருக்கு 0.77 கிலோ, அவ்வளவுதான். எண்களை மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் சிறந்தது. ஸ்பிரிங்கின் நீளத்தை வெர்னியரில் அளந்தாலே எவ்வளவு விசை என்று தெரிந்துவிடும். போல்ட்டின் முறுக்கு விசையை நம்பத் தேவையில்லை, அதில் பாதிக்கு மேல் உராய்வு தின்றுவிடும்.

ஆனால் எண்களில் தெரியாத ஒன்று உண்டு. ஸ்பிரிங் அமைப்பில் ஒரு முனை நிலையாக இருந்தால், மறுமுனைச் செல் 6 மில்லிமீட்டருக்கு மேல் நகரும், ஒவ்வொரு சார்ஜுக்கும் 2 மில்லிமீட்டர் போய் வரும். செல்லிலிருந்து மின்னோட்டத்தை வெளியே எடுக்கும் டேப்கள் மெல்லிய தகடுகள். அவற்றைச் செல்களை இணைக்கும் விறைப்பான உலோகப் பட்டையான பஸ்பாரில் வெல்டு செய்திருந்தால், வெல்டு ஓரத்தில்தான் முதலில் விரிசல் வரும். ஃபோமில் ஒவ்வொரு செல்லும் தன் தடிப்பைத் தன் பக்கத்து ஃபோமிலேயே முடித்துக்கொள்வதால், டேப் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். அதிர்ச்சியையும் ஃபோம் உறிஞ்சும்.

அதனால் வண்டிக்கு ஃபோம், மேசையில் சோதனைக்கும் வீட்டில் அசையாமல் இருக்கும் சேமிப்புக்கும் ஸ்பிரிங் என்றுதான் நான் பிரிக்கிறேன். ஸ்பிரிங் போட்டால் பஸ்பாரில் நெகிழும் வளைவு கட்டாயம். எதைத் தேர்ந்தாலும் அழுத்தம் எலக்ட்ரோடு இருக்கும் முகத்தில் மட்டும் விழ வேண்டும், சீல் ஓரத்தில் அல்ல. ஆனோடில் சிலிக்கான் கலந்த செல்லாக இருந்தால் என் 2 சதவீதக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள், அது இன்னும் அதிகம் தடிக்கும்.

கட்டி முடித்த பிறகு, மாதம் ஒருமுறை ஒரே சார்ஜ் நிலையிலும் ஒரே வெப்பத்திலும் அடுக்கின் நீளத்தையும் செல்களின் உள் தடையையும் குறித்து வையுங்கள். நீளம் மெதுவாகச் சீராகக் கூடினால் அது படலம் வளர்வது. திடீரென்று கூடினால், ஒரு செல்லின் தடை மட்டும் ஏறினால், அங்கே வாயு. கையில் எடுத்துப் பார்த்தாலும் வித்தியாசம் புரியும்: படலத் தடிப்பு கெட்டியாக இருக்கும், வாயு தலையணை மாதிரி அமுங்கும். அப்படி உப்பிய செல்லை மறுபடி அழுத்திக் கட்டி ஓட்டக் கூடாது, குத்திக் காற்றை வெளியேற்றவும் கூடாது. அதை எடுத்துவிட்டு வேறு செல் போட வேண்டும்.