எதிர்பாராத 40 புள்ளி, எதிர்பார்த்த 50 புள்ளி: முறிச் சந்தையின் இரண்டு நாட்கள்

மத்திய வங்கி வட்டியைக் கூட்டினால் அரச முறிகளின் விளைவு வீதமும், அதாவது முறியை இன்றைய விலையில் வாங்குபவருக்குக் கிடைக்கும் ஆண்டு வருமான வீதமும், கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. முறியின் விலை இறங்கினால் இந்த வீதம் ஏறும். அந்த நம்பிக்கையோடு இந்தியாவின் 2022ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். அவ்வாண்டு மே 4ஆம் திகதி இந்திய ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுங்காலக் கடனுக்கான வட்டியான ரெப்போ வீதத்தை 40 அடிப்படைப் புள்ளிகள், அதாவது 0.40 சதவீதம், கூட்டியது. 10 ஆண்டு அரச முறியின் விளைவு வீதம் ஏறத்தாழ 7.12 சதவீதத்திலிருந்து 7.38க்குத் தாவியது. ஜூன் 8ஆம் திகதி அதைவிடப் பெரிதாக, 50 புள்ளிகள் கூட்டியது. அன்று அதே முறி 7.52இலிருந்து 7.50 அளவுக்குச் சற்று இறங்கியது.

இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்த விடயத்தை விளங்கிக்கொள்ளச் சிறந்த வழி என்று நினைக்கிறேன். நாடு ஒன்று, வங்கி ஒன்று, இடைவெளி ஐந்தே வாரங்கள்.

மே 4 அறிவிப்பு அட்டவணையில் இல்லாதது. நாணயக் கொள்கைக் குழு ஜூனில்தான் கூட வேண்டியிருந்தது. ஆளுநர் சக்திகாந்த தாஸ் பிற்பகலில் திடீரென உரையாற்றி முடிவைச் சொன்னார். ஜூன் முடிவின் வரலாறு வேறு. மே 23ஆம் திகதியே ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், வட்டி கூடும் என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை என்ற பொருள்பட அவர் பேசிவிட்டார். எவ்வளவு என்பதை மட்டும் சொல்லவில்லை. எனவே ஜூன் 8 விடிந்தபோது, முறி வாங்குவோரும் விற்போரும் அந்த உயர்வை விலையில் ஏற்கெனவே கழித்துவிட்டிருந்தார்கள். 7.38இல் இருந்த விளைவு வீதம் 7.52க்குப் போனது அந்த இடைப்பட்ட வாரங்களில்தான். ஜூன் 8 அன்று அசைவு இல்லை என்றால், அசைவு முன்னரே நடந்துவிட்டது என்று பொருள்.

அம்பாறையில் நெல் வியாபாரம் செய்பவர்களுக்கு இது புதிதல்ல. அரசாங்கத்தின் உத்தரவாத விலை என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், அறிவிப்பு வரும்வரை எந்த ஆலைக்காரரும் பழைய விலையில் விற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

எதிர்பார்ப்பு என்பது பெரும்பாலும் முழுமையான நிச்சயமாக இருப்பதில்லை. 50 புள்ளி கூடுவதற்கு நூற்றுக்கு 80 வாய்ப்பு, மாறாமலிருக்க 20 வாய்ப்பு என்று சந்தை கருதுவதாக வைப்போம். விலையில் அப்போது அடங்கியிருப்பது 40 புள்ளி. அறிவிப்பில் 50 வந்தால் புதிய செய்தி 10 புள்ளி மட்டுமே. மாற்றமில்லை என்று அறிவித்தால் புதிய செய்தி 40 புள்ளி, அதுவும் எதிர்த்திசையில். ஒன்றுமே செய்யாத முடிவுதான் அந்தச் சூழலில் சந்தையை அதிகம் ஆட்டும்.

ஆனால் இத்துடன் நிறுத்தினால் பாதிதான் விளங்கும். மே 4இல் எதிர்பாராமல் வந்தது 40 புள்ளி. அது ஓரிரவுக் கடனுக்கான வட்டி. 10 ஆண்டு முறி ஏன் 26 புள்ளி தாவ வேண்டும்? நீண்டகால முறியின் விளைவு வீதம் என்பது, அடுத்த பத்து ஆண்டுகளில் குறுங்கால வட்டி எப்படிப் போகும் என்ற எதிர்பார்ப்பின் சராசரி; அத்துடன் அவ்வளவு காலம் பணத்தைக் கட்டிவைப்பதற்கான ஒரு கூடுதல் தொகை. ஜூனில் வரவேண்டிய உயர்வு ஒரு மாதம் முந்தி வந்தது, அவ்வளவுதான் என்று சந்தை எடுத்துக்கொண்டிருந்தால், 120 மாதங்களில் ஒரு மாதம் மட்டும் 40 புள்ளி கூடும். சராசரியில் அது ஒரு புள்ளியின் மூன்றில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது. 26 புள்ளி தாவியதென்றால், இனி வரப்போகும் பாதை முழுவதையும் சந்தை மாற்றி எழுதியது என்று அர்த்தம். அட்டவணைக்கு வெளியே கூடி வட்டியைக் கூட்டுகிறார்களே, பணவீக்கம் நாம் நினைத்ததைவிட மோசமாக இருக்கிறதோ, இன்னும் எத்தனை உயர்வு வருமோ என்ற கேள்விகளின் விலைதான் அது.

ஒப்பீடு அப்பழுக்கற்றதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மே 4இல் வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைக்கவேண்டிய ரொக்கக் கையிருப்பு விகிதத்தையும் 4 சதவீதத்திலிருந்து 4.5 ஆக்கினார்கள். வங்கிகளிடம் முறி வாங்கப் பணம் குறையும் என்ற கவலையும் அந்தத் தாவலில் கலந்திருந்தது. ஜூனில் அந்த விகிதத்தைத் தொடவில்லை.

நம் நாட்டு உதாரணத்தில் இப்படிக் கலந்த காரணங்களைப் பிரிப்பது இன்னும் கடினம் என்பதால்தான் இந்தியாவுக்குப் போனேன். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி கொள்கை வீதங்களை ஒரே மூச்சில் 700 புள்ளிகள் கூட்டி 13.50, 14.50 சதவீதமாக்கியது. அந்த அளவு பெரும் அதிர்ச்சி. ஆனால் நான்கு நாட்களில், ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு இடைநிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர் அரசின் குறுங்காலக் கடன்பத்திரங்களான திறைசேரி உண்டியல்களின் வீதங்கள் ஏறியதில் எவ்வளவு வட்டி முடிவால், எவ்வளவு அரசின் கடன் மீதான பயத்தால் என்று பிரித்துப் பார்க்க இயலாது.

மட்டக்களப்பில் இந்தக் கேள்வியை என்னிடம் அடிக்கடி கொண்டுவருபவர் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். “தம்பி, அடுத்த வாரம் வட்டி முடிவு வருகுதாம். 91 நாள் உண்டியலில் போடவா, 5 வருட முறியில் போடவா?” என்பார். நான் அவருக்குக் காட்டியது இந்தக் கணக்கை.

ஒரு இலட்சம் ரூபாய் முகப்பெறுமதி, 10 சதவீத வட்டி, ஆறு மாதத்துக்கொருமுறை கொடுப்பனவு, 5 ஆண்டு முறி. விளைவு வீதம் 10இலிருந்து 11க்கு எதிர்பாராமல் ஏறினால், முறியின் விலை ஏறத்தாழ 96,230 ரூபாயாகும். 3,770 ரூபாய் கரைகிறது. அதே ஒரு சதவீதத் தாவலில் 91 நாள் உண்டியலின் விலை 97,561இலிருந்து 97,324க்குத்தான் இறங்கும். இழப்பு 237 ரூபாய். முதிர்வுவரை வைத்திருந்தால் இரண்டிலும் சொன்ன பணம் வரும். இடையில் விற்க நேர்ந்தால்தான் இந்த வேறுபாடு கையைக் கடிக்கும். வீதம் இறங்கினால் ஆதாயமும் இதே வரிசைதான், முறிக்கே அதிகம்.

“அப்போ வட்டி குறையப் போகுதென்றால் முறியை இப்பவே வாங்கலாமே?” என்று கேட்டார்.

“குறையும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், சேர்?”

“எல்லோரும் சொல்லுகிறார்கள்.”

எல்லோரும் சொன்னால் அது விலையில் ஏறிவிட்டது. முறிச் சந்தையின் எதிர்பார்ப்பை நேரடியாகக் காட்டும் வட்டி முன்பேரச் சந்தை இங்கே இல்லாவிட்டாலும், புதன்கிழமைகளில் நடக்கும் திறைசேரி உண்டியல் ஏலம் ஓரளவு துப்புத் தரும். கொள்கை அறிவிப்புக்கு முந்திய சில வாரங்களாக நிறையேற்றிய சராசரி விளைவு வீதம் படிப்படியாக இறங்கியிருந்தால், குறைப்பை எதிர்பார்த்தே பெரிய வங்கிகளும் முதனிலை வணிகர்களும் ஏலம் கேட்டிருக்கக்கூடும். அந்த நிலையில் 25 புள்ளி குறைப்பு வந்தாலும் முறி விலை பெரிதாக ஏறாது. குறைப்பு வராவிட்டால் விழும்.

ஆகவே அறிவிப்பு நாளைக் குறிவைத்து இரண்டில் ஒன்றைத் தேர்வதை நான் ஏற்பதில்லை. பணம் எப்போது தேவை என்பதே என் அளவுகோல். அதிபருக்கு அடுத்த ஆண்டு மகளின் வீட்டு வேலை இருக்கிறது. அந்தப் பணத்தை 91 நாள் உண்டியலிலும் 364 நாள் உண்டியலிலும் பிரித்துப் போடச் சொன்னேன். ஐந்து ஆண்டுகள் தொடத் தேவையில்லாத சிறு பகுதிக்கு மட்டும் முறியை வைத்துக்கொண்டார்.