வேர்ட் கோப்பிலிருந்து படம் எடுக்க 2,480 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை

டிடிபி கடையில் வேர்ட் கோப்பைக் கொடுத்து, "இதிலிருக்கும் படங்களைத் தனியாக எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்கப் போகிறீர்களா? போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது படம் எடுத்த கூலி 2,480 ரூபாய், அதற்கு மேல் மறுஅச்சுச் செலவு 9,000. அந்த வேலையை என் அக்கா மகள் இரண்டு நிமிடத்தில், காசு செலவில்லாமல் முடித்தாள்.

தாத்தாவின் நூற்றாண்டுக்குக் குடும்ப மலர் போடலாம் என்று முடிவு செய்தோம். பழைய ஆல்பங்கள் எல்லாம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிப் போய்விட்டன. ஸ்கேன் செய்து வைத்திருந்த கணினியும் அதோடு போயிற்று. அதற்கு முந்தின வருடம் அந்த ஸ்கேன்களை எல்லாம் ஒரு வேர்ட் கோப்பில் போட்டு, ஒவ்வொரு படத்தின் கீழும் யார் யார் என்று எழுதி, தம்பிக்கு ஒரு பென்டிரைவில் கொடுத்திருந்தேன். மிஞ்சியது அது ஒன்றுதான். மொத்தம் 62 படங்கள்.

அச்சகத்தில், "படங்களை வேர்டில் தராதீங்க சார், தனித்தனி கோப்பா கொடுங்க" என்றார்கள். நியாயமான பேச்சுதான். எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெருமுனையில் இருக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் கோப்பைத் திறந்து மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் குவாலிட்டியில எடுக்கணும்னா அதுக்குத் தனி சாஃப்ட்வேர் இருக்கு சார், ஒரு படத்துக்கு நாற்பது ரூபாய் ஆகும்" என்றார். 62 நாற்பது 2,480. கொடுத்தேன். மாலையில் ஒரு பென்டிரைவ் கைக்கு வந்தது. வீட்டுக் கணினியில் திறந்து பார்த்தேன், சின்னதாகத் தெரிந்தாலும் நன்றாகவே தெரிந்தன. அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

150 பிரதி வந்தது. பிரித்தால், தாத்தா பாட்டி கல்யாணப் படம் சல்லடை வழியாகப் பார்ப்பது போல இருந்தது. முகமே இல்லை, சதுரம் சதுரமாகப் புள்ளிகள். பாட்டியின் கன்னத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று நெட்டுக்குத்தாக நின்றது. கீறலோ என்று பார்த்தேன். உற்றுப் பார்த்தால் அது வேர்டின் கர்சர்! இன்னொரு படத்தின் மேல் ஓரத்தில் சிவப்பாக ஒரு நெளிகோடு. அதற்கு முந்தின படத்தின் கீழே நான் எழுதியிருந்த ஊர்ப் பெயரை எழுத்துப்பிழை என்று வேர்ட் அடிக்கோடிட்டிருந்தது, அந்தக் கோடு இந்தப் படத்தோடு சேர்ந்து வந்திருக்கிறது. தனி சாஃப்ட்வேரும் இல்லை, ஒன்றும் இல்லை. மனிதர் திரையில் படத்தைக் காட்டி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெட்டிக் கொடுத்திருக்கிறார், 62 தடவை.

அச்சகத்தைக் குறை சொல்ல வழியில்லை. "நீங்க கொடுத்ததுதான் சார் வந்திருக்கு" என்றார்கள்.

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "நாளைக்கு வாங்க, பெரிசா பண்ணித் தர்றேன்" என்றார். மறுநாள் தந்த படங்களின் Properties பகுதியைத் திறந்து காட்டி, "பாருங்க, அகலம் 1800 பிக்சல், 300 டிபிஐ" என்றார். எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டியின் கன்னத்தில் இருந்த கர்சரும் அதே அளவுக்குப் பருத்துப் போயிருந்தது. ஸ்கிரீன்ஷாட்டையே ஃபோட்டோஷாப்பில் இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார். இப்படி இழுத்தால் பிக்சல் எண்ணிக்கை கூடும், விவரம் ஒரு துளி கூடாது. அதனால் எண்ணை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். படத்தை 100 சதவீத அளவில் திறந்து, கண் இமை, புடவைக் கரை மாதிரி ஓர் இடத்தைப் பாருங்கள். அங்கே மாவு கரைத்தது போல வழவழவென்று இருந்தால் அது இழுத்த படம்.

ஸ்கிரீன்ஷாட்டில் எவ்வளவு போகிறது என்பதை அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் ஸ்கேன் செய்தது ஆறுக்கு நான்கு அங்குலப் படங்கள், அங்குலத்துக்கு 300 புள்ளி, அதுதான் 300 டிபிஐ. ஆக ஒவ்வொன்றும் 1800க்கு 1200 பிக்சல். வேர்டில் பக்கத்துக்கு ஏற்ற மாதிரி அதை 3 அங்குல அகலத்துக்குச் சுருக்கி வைத்திருந்தேன். இப்படிச் சுருக்குவதால் உள்ளே இருக்கும் படம் சுருங்கிவிடாது, காட்டும் அளவுதான் மாறும். ஆனால் சாதாரணத் திரையில் 100 சதவீதத்தில் வைத்தால் வேர்ட் ஓர் அங்குலத்தை 96 பிக்சலில் காட்டுகிறது. 3 அங்குலத்துக்கு 288 பிக்சல். ஸ்கிரீன்ஷாட்டில் விழுவது அவ்வளவுதான். அதை மலரில் 6 அங்குலத்துக்கு அச்சடித்தால் அங்குலத்துக்கு 48 புள்ளி, அச்சுக்கு வேண்டியது 300. அவர் 200 சதவீதம் பெரிதாக்கி எடுத்திருந்தால்கூட 96தான் வந்திருக்கும்.

இன்னொரு அறிகுறியும் என் கண் முன்னாலேயே இருந்தது. நான் கொடுத்த வேர்ட் கோப்பு 41 எம்பி. அவர் முதலில் தந்த 62 படங்களும் சேர்ந்தே 5 எம்பி. மீதி 36 எம்பி எங்கே போயிற்று என்று நான் கேட்கவே இல்லை.

அந்த வாரம் அக்கா மகள் வந்திருந்தாள், கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவள். கதையைக் கேட்டுவிட்டு, "மாமா, docx-னா அது ஒரு ஜிப் கோப்புதானே" என்றாள். எனக்கு விளங்கவில்லை. பல கோப்புகளை ஒன்றாக அடைத்த பொட்டலம் அது, படங்களும் அதற்குள் தனித்தனிக் கோப்பாகவே இருக்கின்றன என்று சொல்லி, செய்து காட்டினாள். நீங்களும் இப்படியே செய்யலாம்.

முதலில் வேர்ட் கோப்பை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் View, அதில் Show, அதில் File name extensions என்பதை டிக் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் நீங்கள் பெயர் மாற்றும்போது malar.zip.docx என்று ஆகிவிடும், ஒன்றும் நடக்காது. (நான் முதல் தடவை தனியாகச் செய்தபோது இங்கேதான் மாட்டினேன்.) அப்புறம் நகலின் பெயரில் கடைசியில் இருக்கும் .docx என்பதை .zip என்று மாற்றுங்கள். கோப்பு கெட்டுப்போகலாம் என்று விண்டோஸ் பயமுறுத்தும், Yes கொடுங்கள். வலது கிளிக் செய்து Extract All. வரும் ஃபோல்டருக்குள் word, அதற்குள் media. படங்கள் எல்லாம் image1.jpeg, image2.jpeg என்று வரிசையாக உட்கார்ந்திருக்கும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்குப் பெயர் மாற்றும் வேலைகூட இல்லை, டெர்மினலில் ஒரே வரி:

```
unzip -j malar.docx "word/media/*" -d padangal
```

பழைய .doc கோப்பு இந்த வகையைச் சேர்ந்ததல்ல. அதை வேர்டில் திறந்து, Save As மூலம் .docx ஆகச் சேமித்த பிறகு செய்யுங்கள். திறக்கும்போது பாஸ்வேர்டு கேட்கும் கோப்பும் ஜிப்பாகத் திறக்காது, முதலில் பாஸ்வேர்டை எடுத்துவிட வேண்டும்.

எங்கள் கோப்பில் 62 படத்துக்கு 60 கோப்புதான் வந்தது. இரண்டு தொலைந்துவிட்டதோ என்று பதறினேன். ஊர்க் கோயில் கோபுரப் படத்தை மூன்று அத்தியாயங்களின் தலைப்பில் போட்டிருந்தேன், அதை ஒரே ஒரு தடவை சேமித்து மூன்று இடத்திலும் வேர்ட் காட்டியிருக்கிறது. கணக்கு சரி. ஆனால் படங்களின் எண் பக்க வரிசையோடு எப்போதும் ஒத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் வேர்டைத் திறந்து வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்துப் பார்த்துப் பெயர் மாற்றுவதுதான் நல்லது. பெரியப்பா பெயரில் சின்னத் தாத்தா படம் அச்சாகிவிட்டால் அதற்கு வேறு ஒரு சண்டை நடக்கும்.

60ல் 51 படங்கள் முழு 1800 பிக்சலில் இருந்தன, ஸ்கேனரிலிருந்து வந்தபடியே. மீதி ஒன்பது 660 பிக்சல்தான். அவை தம்பி தன் பங்குக்குத் தனிக் கோப்பில் போட்டு அனுப்பியவை, நான் என் கோப்பில் ஒட்டினேன். அவன் கோப்பில் வேர்டின் படச் சுருக்கம் இயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் அளவு 220 என்று இருந்தால், சேமிக்கும்போது அங்குலத்துக்கு 220 புள்ளிக்கு மேல் இருப்பதை வேர்டே வெட்டித் தள்ளிவிடும். 3 அங்குலத்துக்கு 660, கணக்கு அப்படியே பொருந்துகிறது. இப்படிப் போனதை எந்த வழியிலும் திரும்ப எடுக்க முடியாது. File, Options, Advanced போய் Image Size and Quality என்ற தலைப்பின் கீழ் Do not compress images in file என்பதை, படத்தைச் செருகுவதற்கு முன்பே டிக் செய்ய வேண்டும். இது ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி அமைப்பு. அதனால்தான் என் கோப்பில் நான் டிக் செய்திருந்தும் தம்பியின் படங்கள் தப்பவில்லை. அந்த ஒன்பதையும் மறுஅச்சில் 3 அங்குலத்திலேயே, பக்கத்துக்கு நான்காக, சின்னதாகப் போட்டோம். பார்க்கும்படி இருக்கின்றன.

படங்கள் வரும் 16 பக்கத்தை மட்டும் மறுபடி அடித்து மாற்றினோம், அதற்குத்தான் அந்த 9,000. கடைக்காரர் நிறைய பேசிய பிறகு 500 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இது காசு விஷயம் இல்லை. எடுத்த படங்களில் ஒரு குரூப் போட்டோ நான் வேர்டில் வைத்திருந்ததைவிட அகலமாக வந்தது. ஓரத்தில், சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு உறவினர் நிற்கிறார். அவர் வேண்டாம் என்று நான்தான் வேர்டில் கிராப் செய்திருந்தேன். வேர்டில் கிராப் என்பது மறைப்பதுதான், வெட்டுவது அல்ல. முழுப் படமும் உள்ளேயே இருக்கும். நிஜமாகவே போக வேண்டுமென்றால் படத்தைத் தேர்ந்தெடுத்து, Picture Format, Compress Pictures போய் Delete cropped areas of pictures கொடுக்க வேண்டும். அதே பெட்டியில் கீழே Resolution என்று ஒன்று இருக்கும், அதைக் கவனிக்காமல் OK கொடுத்தால் படத்தின் தரமும் சேர்ந்து போய்விடும்.

எனக்கு இது தெரியாது. ஆதார் அட்டையின் படத்தைக்கூட எண் தெரியாமல் கிராப் செய்து அதே கோப்பின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தேன். அந்தக் கோப்பு முழுதாக இன்னும் அந்தக் கடைக் கணினியில்தான் இருக்கிறது. நாளைக் காலையில் போய், கூட நின்று அழிக்கச் சொல்லப் போகிறேன்.