மாதாந்திர மீட்டர் குறிப்பு: நோட்டா, விரிதாளா, தானியங்கி மின்னஞ்சலா?

ஒரு வீட்டு மின்மீட்டர் 2025 ஜனவரி 1 அன்று 18432 என்று காட்டியது. அடுத்த மாதம் முதல் தேதியன்று பார்க்க மறந்துவிட்டதால் பிப்ரவரி 2 அன்று குறித்தார்கள். அன்றைய அளவு 18688. மார்ச் 1 அன்று தவறாமல் பார்த்தபோது 18925. முதல் மாதத்தில் 256 யூனிட், இரண்டாம் மாதத்தில் 237 யூனிட் என்று கழித்துப் பார்த்தவர்கள், 19 யூனிட் குறைந்திருப்பதாகக் கருதினார்கள். உண்மையில் மின்நுகர்வு கூடியிருந்தது. முதல் இடைவெளி 32 நாட்கள், இரண்டாவது 27 நாட்கள். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் முதலில் 8.0 யூனிட், பிறகு 8.8 யூனிட், ஏறத்தாழ பத்து விழுக்காடு உயர்வு.

மாதந்தோறும் மீட்டரைப் பார்க்கச் சொல்லி நினைவூட்டி, அளவைப் பதிந்து, முந்தைய மாதத்துடன் ஒப்பிட்டுக் காட்டும் ஏற்பாட்டுக்குப் பல வழிகள் உள்ளன. அவற்றை அழகையோ வசதியையோ கொண்டு மதிப்பிடுவதைவிட, மேற்கண்ட மூன்று அளவுகளைக் கொடுத்தால் எந்த வழி சரியான விடையைத் தருகிறது என்று பார்ப்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். அதற்கு இரண்டு தேவைகள் நிறைவேற வேண்டும். நினைவூட்டல் வந்த தேதியை விட்டுவிட்டு, மீட்டரை உண்மையில் பார்த்த தேதி பதிவாக வேண்டும். பார்க்கத் தவறினால், பார்த்து எழுதும் வரை நினைவூட்டல் ஓயாமல் இருக்க வேண்டும். மீட்டர் அருகே தொங்கும் நோட்டு, கைபேசி நினைவூட்டலுடன் கூடிய விரிதாள், தானாக மின்னஞ்சல் அனுப்பும் சிறு நிரல் ஆகிய மூன்றையும் இந்த இரண்டு தேவைகளை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

நோட்டு முறையைப் பழையது என்று ஒதுக்கிவிட முடியாது. புதிய அளவை எழுதும்போது முந்தைய அளவு அதற்கு நேர் மேலே கண்ணில் படுகிறது. ஆகவே 18925 என்பதற்குப் பதிலாக 17925 என்று எழுதினால், அளவு குறைந்திருக்க முடியாது என்று கை அந்த இடத்திலேயே நின்றுவிடும். மீட்டரின் முன் நின்றுகொண்டே திருத்தம் நடப்பது மற்ற இரண்டு முறைகளிலும் இவ்வளவு இயல்பாகக் கிடைப்பதில்லை. வீட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதும் ஒரு நன்மை. ஆனால் கணக்கு முழுவதும் மனிதர் கையில் இருக்கிறது. கழித்தலோடு நிறுத்திவிடுவதே பெரும்பாலோரின் வழக்கம். நாட்களை எண்ணி வகுப்பவர்கள்கூட எல்லா மாதத்துக்கும் 30 என்று வைத்துக்கொள்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் அப்படிச் செய்தால் 8.5, 7.9 என்று வந்து, குறைந்துவிட்டது என்ற அதே தவறான முடிவில்தான் போய் நிற்கும்.

நோட்டுக்கு நினைவூட்டும் திறன் கிடையாது என்பதால் கைபேசி நாட்காட்டியை அதனுடன் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மாதக் கடைசியில் பார்க்கலாம் என்று 31ஆம் தேதிக்கு மாதாந்திர நிகழ்வு ஒன்றை அமைத்தால், நாட்காட்டிச் செயலிகள் பலவும் பின்பற்றும் பொதுத் தரவிதிப்படி, 31 இல்லாத மாதங்கள் அப்படியே தாண்டப்படும். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய ஐந்து மாதங்களில் எந்த ஒலியும் எழாது. எழாத ஒலியை யாரும் கவனிப்பதும் இல்லை. ஆகவே 1 முதல் 28 வரையிலான ஒரு தேதியைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது. இதைவிட முக்கியமான வேறுபாடு, நிகழ்வுக்கும் பணிக்கும் இடையில் உள்ளது. நாட்காட்டி நிகழ்வு தன் நேரம் கடந்ததும் மறைந்துவிடும். பணிப்பட்டியலில் மாதந்தோறும் திரும்பும்படி சேர்த்த பணியோ, முடித்ததாக நாம் குறிக்கும் வரை நிலுவையில் நிற்கும். நமது இரண்டாவது தேவையைப் பணிதான் நிறைவேற்றுகிறது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே மறந்துபோகும் மாதங்கள் வெகுவாகக் குறையும்.

இரண்டாவது வழியான விரிதாளில், முதல் வரிசையில் தலைப்புகள், A நெடுவரிசையில் தேதி, B நெடுவரிசையில் மீட்டர் காட்டிய முழு அளவு என்று வைத்துக்கொண்டால், மூன்று அளவுகளும் 2, 3, 4 ஆகிய வரிசைகளில் வரும். மார்ச் மாத வரிசைக்கான வாய்பாடுகள் இவை:

```
C4: =B4-B3
D4: =A4-A3
E4: =C4/D4
F4: =(E4-E3)/E3
```

C என்பது யூனிட், D நாட்கள், E ஒரு நாளுக்கான சராசரி, F முந்தைய இடைவெளியோடு ஒப்பிட்ட மாற்றம். F நெடுவரிசையை விழுக்காடாகக் காட்டச் செய்தால் 9.7% என்று வரும். ஏப்ரல் 1 அன்று மீட்டர் 19204 காட்டியது என்று கொள்வோம். 279 யூனிட், அதாவது முந்தையதைவிட 42 யூனிட் கூடுதல் என்பதைப் பார்த்ததும் நெஞ்சு திடுக்கிடும். ஆனால் 31 நாட்களுக்கு வகுத்தால் 9.0 யூனிட்தான், உயர்வு 2.5% மட்டுமே. வெறும் கழித்தல், உண்மையான உயர்வை மறைத்துவிட்டு, பெரிதாக எதுவும் நடக்காத மாதத்தில் எச்சரிக்கை மணி அடிக்கிறது. விரிதாளின் முழு மதிப்பும் D, E என்ற இரண்டு நெடுவரிசைகளில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. யூனிட்டை மட்டும் தட்டெழுதி, மீட்டர் அளவைச் சேமிக்காத விரிதாள்களையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒரு பிழை நுழைந்தால் பின்னோக்கிச் சென்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

விரிதாளுக்கு உரிய சிக்கல் தேதியில் இருக்கிறது. 01/03/2025 என்று எழுதினால், அமைப்பைப் பொறுத்து மார்ச் 1 என்றும் எடுத்துக்கொள்ளும், ஜனவரி 3 என்றும் எடுத்துக்கொள்ளும். பின்னது நடந்தால் D நெடுவரிசையில் -30 என்று வரும். தேதியை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டால் `#VALUE!` என்ற பிழை தோன்றக்கூடும். 2025-03-01 என்ற வடிவில் எழுதினால் இந்தக் குழப்பம் எழாது. அதோடு, D நெடுவரிசையில் 25க்குக் குறைவாகவோ 35க்கு மேலாகவோ வந்தால் அந்தக் கட்டம் சிவப்பாக மாறும்படி நிபந்தனை வண்ணம் அமைத்துவிட்டால், தேதிப் பிழையும் தவறவிட்ட மாதமும் ஒருசேரத் தெரிந்துவிடும். மீட்டரையே மாற்றிவிட்ட மாதத்தில், பழைய மீட்டரின் கடைசி அளவுக்கு ஒரு வரிசையும், புதிய மீட்டரின் தொடக்க அளவுக்கு இன்னொரு வரிசையும் எழுதி, இரண்டாவது வரிசையில் வாய்பாடுகளை வெறுமையாக விட்டுவிட வேண்டும். அதற்கு அடுத்த வரிசையிலிருந்து C, D, E வழக்கம்போல் இயங்கும். F மட்டும் அந்த ஒரு மாதம் E நெடுவரிசையில் இரண்டு வரிசை மேலே உள்ள மதிப்பைச் சுட்ட வேண்டும்.

மூன்றாவது வழி, அதே விரிதாளோடு ஒரு சிறு நிரலை இணைப்பது. கூகுள் ஷீட்ஸில் அந்தத் தாளுக்கு `meter` என்று பெயரிட்டு, கீழ்க்காணும் நிரலை எழுதி, நாள்தோறும் காலையில் ஒருமுறை ஓடும்படி அமைக்கலாம்.

```
function remind() {
  const s = SpreadsheetApp.getActive()
    .getSheetByName('meter');
  const last = s.getRange(s.getLastRow(), 1)
    .getValue();
  if (last.getMonth() !== new Date().getMonth()) {
    MailApp.sendEmail(
      Session.getEffectiveUser().getEmail(),
      'மீட்டர் அளவு',
      'இந்த மாத அளவு இன்னும் பதியவில்லை.');
  }
}
```

இந்த நிரல் தேதியைப் பார்த்து நினைவூட்டுவதில்லை. கடைசி வரிசையில் உள்ள தேதி இந்த மாதத்துக்கு உரியதா என்று மட்டும் பார்க்கிறது. எனவே 1ஆம் தேதி முதல், அளவைப் பதியும் நாள் வரை ஒவ்வொரு காலையும் மின்னஞ்சல் வரும். பதிந்த மறுநாள் நின்றுவிடும். பணிப்பட்டியலில், அளவை எழுதாமலேயே முடித்ததாகக் குறித்துவிட முடியும். இங்கே அந்த ஓட்டையும் இல்லை. நினைவூட்டும் திறனில் மூன்றிலும் இதுவே மேலானது.

ஆனால் உடைந்துபோகும் இடங்களும் இதில்தான் அதிகம். வசதிக்காக வாய்பாடுகளைக் கீழே ஐம்பது வரிசைகளுக்கு முன்கூட்டியே இழுத்து வைத்திருந்தால், `getLastRow` அவற்றையும் நிரம்பிய வரிசைகளாகவே எண்ணும். அங்கே A நெடுவரிசை வெறுமையாக இருப்பதால் நிரல் பிழையோடு நின்றுவிடும். நினைவூட்டல் வராததை, ஏற்கெனவே பதிந்துவிட்டோம் போலும் என்று நாம் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். மாதம் பிறந்து இரண்டு நாட்கள் ஆகியும், அளவு பதியாதபோதும், மின்னஞ்சல் வரவில்லை என்றால் நிரலின் இயக்கப் பதிவைத் திறந்து பார்க்க வேண்டும். அளவைப் படிவம் வழியாகப் பதிபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: படிவம் தானாக இடும் நேரமுத்திரை அதை அனுப்பிய நேரத்தையே குறிக்கும். மீட்டரைக் காலையில் படம் எடுத்துவிட்டு மூன்று நாள் கழித்து அனுப்பினால், மூன்று நாட்கள் தவறான மாதத்தில் சேர்ந்துவிடும். தேதிக்குத் தனிக் கேள்வி வைத்தால்தான் நமது முதல் தேவை நிறைவேறும்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான பிழைகள் மீட்டரின் முகப்பிலேயே தொடங்குகின்றன. மின்னணு மீட்டர்களில் பலவற்றின் திரை, சில நொடிகளுக்கு ஒருமுறை வெவ்வேறு அளவுகளை மாற்றி மாற்றிக் காட்டும். `kWh` என்ற குறி தெரியும்போது உள்ள எண்ணே நமக்கு வேண்டியது. `kVAh` என்பது வேறு அளவு. அதன் மதிப்பு `kWh` அளவுக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருக்கும் என்பதால், ஒரு மாதம் ஒன்றையும் மறுமாதம் மற்றதையும் குறித்தால் நுகர்வு காரணமின்றித் தாவியது போலத் தோன்றும். குறியும் எண்ணும் ஒரே படத்தில் வரும்படி மீட்டரைப் படம் எடுத்து வைப்பது இதற்கு நல்ல காப்பு.

இலக்கங்கள் இடம் மாறும் பிழை இன்னும் நுட்பமானது. மார்ச் 1 அன்று 18925 என்பதை 18952 என்று எழுதியிருந்தால், பிப்ரவரிச் சராசரி 9.8 ஆகவும், அடுத்த மாதச் சராசரி 8.1 ஆகவும் வந்திருக்கும். இரண்டு எண்களும் நம்பத்தக்கவையாகவே இருப்பதால் எந்த வண்ண எச்சரிக்கையும் எழாது. ஒரு மாதம் ஏறி, மறுமாதமே அதற்கு ஈடாக இறங்கினால், இரண்டு மாதங்களையும் சேர்த்து வகுத்துப் பார்க்க வேண்டும். பிழை நடுவில் உள்ள அளவில் மட்டும் இருந்தால் கூட்டுச் சராசரி மாறாது. படத்தோடு ஒப்பிட்டு, எழுதிய எண்ணுக்கும் உண்மையான எண்ணுக்கும் உள்ள வேறுபாடு 9ஆல் மீதியின்றி வகுபடுகிறதா என்று பார்த்தால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்பதற்கு அது நல்ல அறிகுறி. இங்கே வேறுபாடு 27.

ஒரே மீட்டர் உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது விரிதாளும், மாதந்தோறும் திரும்பும் பணியும், ஒரு படமும்தான். விரிதாளைத் திறக்கும் பழக்கமில்லாத ஒருவரே மீட்டரைப் பார்க்கிறார் என்றால் நோட்டே மேல். நோட்டில் நாட்களுக்கென ஒரு கட்டம் கூடுதலாகக் கோடிட்டுக் கொடுத்து, வகுத்தலை வேறொருவர் பிறகு செய்யலாம். இரண்டு, மூன்று மீட்டர்களைக் கவனிப்பவர்களுக்கும், பணிகளைப் பாராமலே முடித்ததாகக் குறிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் நிரல் எழுதும் உழைப்பு தகும்.

எந்த வழியானாலும், முந்தைய மாதத்தோடு ஒப்பிடும்போது பருவ மாற்றமும் கருவிகளின் பயன்பாட்டு மாற்றமும் ஒரே எண்ணில் கலந்தே வரும். அவற்றைப் பிரித்துக் காட்ட இந்த ஒப்பீட்டால் முடியாது. விரிதாளில் பதினான்கு மாத அளவுகள் சேர்ந்ததும், E நெடுவரிசையில் பன்னிரண்டு வரிசைகளுக்கு மேலே உள்ள சராசரியோடு ஒப்பிடும் இன்னொரு நெடுவரிசையை G என்று சேர்த்துக்கொள்ளலாம். F ஏறி, G அசையாமல் இருந்தால், ஏற்றத்துக்குப் பருவமே பெரும்பாலும் காரணம்.