ஒரே படமா, ஒன்பது படமா?

திருநெல்வேலி குறுக்குத்துறைப் படித்துறையில் இருட்டும் நேரம் போனில் எடுத்த படத்தை அப்படியே மென்பொருளில் ஓவியமாக்கினால், கல் மண்டபத்து நிழலெல்லாம் மணல் பூசியது போல சொரசொரவென்று ஆகிவிடும். வெளிச்சம் குறைந்த படத்தில் விழும் இரைச்சல் புள்ளியும் மென்பொருளுக்குத் தூரிகைக் கோடுதான்.

ஒரே படத்தை டீநாய்ஸ் செய்வது, அதாவது அந்தப் புள்ளிகளை மென்பொருளால் துடைப்பது, சுலபம். அளவு கூடினால் கல்லின் உளி வரிகளும் சேர்ந்து மழுங்கும். போனைப் படியில் சாய்த்து வைத்து 9 படம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுத்தால் இரைச்சல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். உளி வரி அப்படியே நிற்கும். என் ஓட்டு இதற்குத்தான். குளிக்கிற ஆட்கள்தான் ஆவி மாதிரித் தெரிவார்கள். அந்த இடத்தில் மட்டும் டீநாய்ஸ் செய்த ஒற்றைப் படத்தை ஒட்டுகிறேன்.

கை ஆடி மங்கிய படமா? சராசரியில் சேர்க்காமல் தள்ளிவிடுங்கள். கூர்மையாக்குவது எல்லாம் இரைச்சல் போன அப்புறம். முந்திக்கொண்டால் புள்ளிதான் கூர்மையாகும்.